சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல்

டியூஷன் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வினாத்தாளின் கறுப்பு வெள்ளைப் படம் வந்து விழுகிறது. ஒன்பது கட்டங்கள், எட்டில் வண்ண முக்கோணங்கள், கடைசிக் கட்டம் காலி. கீழே ஏ, பி, சி, டி என நான்கு விடைகள். நான்கும் ஒரே முக்கோணம்தான், நிறம் மட்டும் வேறு. அந்த நிறம்தான் படத்தில் இல்லை. "சார், பி-யும் டி-யும் ஒண்ணுதானே?" என்று ஒரு மாணவி கேட்கிறாள்.

அவள் கண்ணில் கோளாறு இல்லை. வண்ணப் படத்தைச் சாம்பலாக்கும்போது கணினி வழக்கமாகச் செய்யும் கணக்கு இது:

```
0.299 R + 0.587 G + 0.114 B
```

நம் கண்ணுக்குப் பச்சை அதிக வெளிச்சமாகவும் நீலம் மங்கலாகவும் படுவதால்தான் இந்த ஏற்றத்தாழ்வு. 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. பளிச்சென்ற மஞ்சள் 226 ஆகி, தாளின் வெள்ளையோடு ஏறக்குறைய கரைந்துவிடும். நீலம் 29, கறுப்பென்றே தோன்றும். சிக்கல் அடுத்த இரண்டில். முழுச் சிவப்பு 76, நடுத்தரப் பச்சை (0, 128, 0) 75. அச்சிலும் கேமராவிலும் எண்கள் கொஞ்சம் நகரும். ஆனால் இந்த ஜோடியைப் பிரித்துக் காட்டும் அளவுக்கு நகரும் என்று நம்ப முடியாது.

ஆகவே, ஒரே வெளிச்சத்தில் சாம்பல் வேறாக இருந்தால் நிறமும் வேறு. சாம்பல் ஒன்றாக இருந்தால் நிறமும் ஒன்று என்று சொல்ல முடியாது.

மாணவியின் கணக்கையே பார்ப்போம். முதல் இரண்டு வரிசைகளிலும் வெளிர், நடுத்தரம், அடர்த்தி என மூன்று சாம்பல்கள் இருக்கின்றன. கடைசி வரிசையில் வெளிரும் அடர்த்தியும் வந்துவிட்டதால் வர வேண்டியது நடுத்தரம். வெளிரான ஏ-யும் அடர்த்தியான சி-யும் கழிந்தன. மிச்சம் பி, டி.

இங்கே ஒரு பொறி. டி சற்றுக் கறுத்துத் தெரிகிறது. அது நிறமா, படமெடுத்த கை விழுத்திய நிழலா? பக்கத்து வெற்றுத் தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும். பி 76, அதைச் சுற்றிய தாள் 250. டி 61, அதைச் சுற்றிய தாள் 200. இரண்டிலும் விகிதம் சுமார் 0.3. நிழல்தான். அளக்கக் கருவி இல்லாவிட்டால், ஒரு காகிதத்தில் இரண்டு சிறு துளை போட்டு, முக்கோணத்தையும் அதை ஒட்டிய தாளையும் மட்டும் பார்க்கலாம். சுற்றியுள்ள நிழலைப் பார்த்துக் கண் எவ்வளவு ஏமாறும் என்பதை 1995-இல் எட்வர்ட் ஏடல்சன் தன் சதுரங்கப் பலகைப் படத்தால் காட்டினார்: அதில் ஒரே சாம்பலான இரண்டு கட்டங்கள், ஒன்று கறுப்பு மற்றது வெள்ளை என்றே தோன்றும்.

ஸ்கேன் செயலியின் முழுக் கறுப்பு வெள்ளை வகைப் படமென்றால் இந்த வழியும் அடைபடும். அதில் சாம்பலே கிடையாது; மஞ்சள் காணாமல் போகும், மற்ற மூன்றும் கறுப்பாகும்.

பி-யா டி-யா என்பதை இந்தப் படத்திலிருந்து சொல்ல வழியில்லை. வண்ணத் தாளை வாங்கிப் பார்க்க வேண்டும். பரீட்சை அறையிலேயே இப்படி ஜெராக்ஸ் தாள் வந்தால் கண்காணிப்பாளரிடம் கேட்க வேண்டும். கேள்வி தயாரிப்பவர் சிவப்புக்குக் கோடும் பச்சைக்குப் புள்ளியும் நிரப்பியிருந்தால், எத்தனை முறை ஜெராக்ஸ் எடுத்தாலும் அந்த மாணவி கேட்க நேர்ந்திருக்காது.