புதன்கிழமை ஸ்டேட்டஸ்

ஈரோட்டில் ஒரு நெசவு மில்லில் 19 வருஷம் கணக்கு எழுதியவர் என் நண்பர். மில்லை மூடிய பிறகு ஜிஎஸ்டி பிராக்டிஷனர் என்று பதிவு செய்துகொண்டார். டேலியில் கை வைத்தால் வேகம். ஆனால் ஒரு கடைப் படியேறி, "உங்க கணக்கை நான் பார்த்துத் தர்றேனுங்க" என்று கேட்க அவருக்கு வாய் வராது. மூன்று தடவை ஒரு பெயின்ட் கடை வாசல் வரை போய்விட்டு, பிரஷ் வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார்.

புதன்கிழமைதோறும் வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஒரு வரிக் குறிப்புப் போடலாமே என்று சொன்னது அவர் மனைவிதான். அது அவருடைய சுபாவத்துக்கும் ஒத்துவந்தது. யாரையும் கூப்பிட வேண்டாம், யாருக்கும் தனியாக அனுப்ப வேண்டாம். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடும்.

முதல் சில வாரங்கள் போட்டதையெல்லாம் நானும் பார்த்தேன். இந்தப் பிரிவு, அந்த உட்பிரிவு, கடைசித் தேதி என்று சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். எல்லாம் சரியான தகவல்கள்தான். ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற மனிதர் அதைப் படித்துவிட்டுத் தன் கடையில் என்ன செய்வது என்று தெரியாமல் அடுத்ததற்குப் போய்விடுவார். ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை.

மே 14 அன்று போட்டது வேறு மாதிரி இருந்தது. மில்லில் தானே பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு சங்கதியை எழுதியிருந்தார்: "ஏப்ரலில் சரக்கு வாங்கினீர்கள். பில் இருக்கிறது, பணமும் கொடுத்தாயிற்று. இன்றைக்கு 2பி-யைத் திறந்தால் அந்த பில் இல்லை. உங்களுக்கு விற்றவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுப்பவரா என்று பாருங்கள்."

இது என்ன விஷயம் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். கடைக்காரர் சரக்கு வாங்கும்போது வரி கொடுக்கிறார், விற்கும்போது வரி வாங்குகிறார். வாங்கியதில் கொடுத்ததைக் கழித்துக்கொண்டு மீதியை அரசுக்குக் கட்டுகிறார். இப்படிக் கழிப்பதற்கு பில் மட்டும் போதாது. விற்றவர் அந்த பில்லைத் தன் கணக்கில் காட்டி, அது நம்முடைய 2பி என்ற பட்டியலில் வந்திருக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் சட்டம் இதுதான். பட்டியல் ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி உருவாகும். மாதாமாதம் கணக்குக் கொடுப்பவர் 20-ஆம் தேதிக்குள் வரி கட்ட வேண்டும். ஆக, கையில் இருப்பது ஆறே நாள்.

வருஷத்துக்கு 5 கோடி ரூபாய் வரை வியாபாரம் செய்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்கலாம். அப்படிப்பட்டவர் ஏப்ரலில் போட்ட பில், ஜூலை 13 வாக்கில் கணக்குக் கொடுத்த பிறகு, ஜூலை 14-இல்தான் வாங்கியவர் கண்ணில் படும். விற்றவர் மேல் தப்பில்லை, சட்டம் கொடுத்த சலுகையைத்தான் அவர் பயன்படுத்துகிறார். நஷ்டம் வாங்கியவருக்கு.

இரண்டு நாள் கழித்து இரவு ஒன்பதரைக்கு என் நண்பருக்குப் போன் வந்தது. மில்லுக்கு ஒயரும் சுவிட்சும் கொடுத்துக்கொண்டிருந்த எலக்ட்ரிகல் கடைக்காரர்.

"சார், புதங்கெழம நீங்க போட்டது என்னோட கதைங்க சார். நாளைக்கு ஒரு எட்டு வந்து பார்க்க முடியுங்களா?"

மறுநாள் போனார். அங்கே பேச வேண்டிய கட்டாயமே அதிகம் இல்லை, பில் கட்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டார்கள். ஒரு பக்கம் ஏப்ரல் கொள்முதல் பில்கள், மறுபக்கம் 2பி. எண், தேதி, தொகை மூன்றையும் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தார். ஏப்ரல் விற்பனைக்கான வரி 1,12,000 ரூபாய். பில்களின்படி கழிக்க வேண்டியது 96,000. அதனால் 16,000 கட்டினால் போதும் என்று கடைக்காரர் நினைத்திருந்தார். 2பி-யில் இருந்ததோ 47,400 மட்டும். 64,600 கட்ட வேண்டும்!

டிக் விழாமல் நின்றவை இரண்டே பில்கள். ஒன்று 2,40,000 ரூபாய் ஒயர், அதற்கு வரி 43,200. விற்றவரின் ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டுத் தேடியபோது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்கிறார் என்பது தெரிந்துவிட்டது. இதற்கு லாகின்கூட வேண்டாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மற்றது 30,000 ரூபாய் சுவிட்ச் பில், வரி 5,400. அதில்தான் நண்பர் ரொம்ப நேரம் கண்ணை வைத்துக்கொண்டிருந்தார். பில்லில் கடையின் பெயர் சரி, ஆனால் 15 இலக்க எண் இந்தக் கடையுடையது இல்லை. முதல் இரண்டு இலக்கம் தமிழ்நாட்டுக்கான 33, அதற்கடுத்த பத்தும் பான் எண். அந்தப் பான் வேறு யாருடையதோ. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு என்பதால், கைதவறி அடித்த எண்ணைக் கணினி பெரும்பாலும் ஏற்காது. அப்படியிருந்தும் ஏற்றிருக்கிறது என்றால், டேலியில் அதே பெயருள்ள இன்னொரு கடையின் லெட்ஜரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று அவருக்கு உடனே பிடிபட்டது. வருஷக்கணக்காக டேலியில் உழன்றவருக்குத்தான் இது தெரியும்.

"பில் கைல இருக்கறப்ப எடுத்துக்கிட்டா என்னங்க?" என்று கடைக்காரர் கேட்டாராம். எடுக்கக் கூடாது. 2பி-யைவிட அதிகமாகக் கழித்தால், வித்தியாசம் ஒரு வரம்பைத் தாண்டும்போது கணினியே கேள்வி அனுப்பும். ஏழு நாளில் பதில் சொல்லியாக வேண்டும். தவறாகக் கழித்துப் பயன்படுத்திய தொகைக்கு 18 சதவீத வட்டியும் உண்டு. அந்த மாதம் 64,600 ரூபாயைக் கட்டச் சொல்லிவிட்டார். முதல் கட்சிக்காரரிடம் சொன்ன முதல் யோசனையே பணம் அதிகம் கட்டச் சொன்னதுதான். அங்கேதான் அந்த மனிதருக்கு நம்பிக்கை வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

பிறகு இரண்டு போன்கள். பேசக் கூச்சப்படுகிறவர், என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கடைக்காரருக்கு ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். ஒயர் விற்றவர் காலாண்டு முடியக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு மாத பில்களை அடுத்தடுத்த மாதம் 13-ஆம் தேதிக்குள் முன்கூட்டியே ஏற்ற வசதி இருக்கிறது. விட்டுப்போன ஏப்ரல் பில்லை ஜூன் 13-க்குள் மே பில்களோடு ஏற்றினார். ஜூன் 14 பட்டியலில் 43,200 வந்துவிட்டது. சுவிட்ச் விற்றவர் அடுத்த மாதக் கணக்கில் எண்ணைத் திருத்திக் கொடுத்தார்.

ஜூன் மாதத்திலிருந்து அந்தக் கடையின் கணக்கு என் நண்பரிடம். மாதம் 1,500 ரூபாய். தொகையை அவர் கேட்கவில்லை, கடைக்காரரே சொன்னார்.

இதைப் படித்துவிட்டுத் தாமும் தொடங்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சார்ட்டர்ட் அக்கவுன்டன்டுகளுக்கு 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விளம்பரம் செய்து வேலை தேடுவதில் கட்டுப்பாடு உண்டு. அவர்கள் தங்கள் கழகத்தின் விதிகளைப் பார்த்துக்கொண்டுதான் எழுத வேண்டும். என் நண்பர் சி.ஏ. இல்லை. அப்படியும் எந்தக் குறிப்பிலும் "என்னிடம் வாருங்கள்" என்று அவர் எழுதியதில்லை. கடைக்காரர் சம்மதித்த பிறகுதான் இந்தக் கணக்கை என்னிடமே விவரமாகச் சொன்னார், கடைப் பெயரை இன்றுவரை சொல்லவில்லை.

கடை வைத்திருப்பவர்கள் இந்த மாதம் 14-க்கும் 20-க்கும் நடுவே அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கொள்முதல் பில்களை 2பி-யோடு வைத்து டிக் அடித்துப் பாருங்கள். டிக் விழாத பில்லுக்கு அன்றைக்கே போன் போடுங்கள்.