மூலையில் இருக்கும் லாபம்

ஒரு தச்சுப் பட்டறையை வைத்துக்கொள்வோம். மேசை ஒன்றுக்குத் தச்சு வேலை 3 மணி, பாலிஷ் 1 மணி. நாற்காலிக்கு இரண்டும் தலா 2 மணி. வாரத்தில் தச்சுக்கு 120 மணியும் பாலிஷுக்கு 80 மணியும்தான் உண்டு. மேசையில் லாபம் 500 ரூபாய், நாற்காலியில் 400. எதை எத்தனை செய்வது?

செயல்பாட்டு ஆராய்ச்சி இதை வரைபடத்தாளில் தீர்க்கிறது. கிடை அச்சில் மேசை, செங்குத்து அச்சில் நாற்காலி. 3x + 2y = 120, x + 2y = 80 என்ற இரு கோடுகளுக்கும் கீழே, அச்சுகளுக்குள் அடங்கும் நாற்கரமே ஏற்புடைய பகுதி. அதற்குள் இருக்கும் எந்தப் புள்ளியும் செய்து முடிக்கக்கூடிய திட்டம்தான்.

லாபக் கோட்டைச் சாய்வு மாறாமல் வெளிநோக்கி நகர்த்தினால், அது கடைசியாகத் தொடுவது ஒரு மூலையைத்தான். ஆகவே மூலைகளைச் சோதித்தால் போதும்: (40, 0) தருவது 20,000 ரூபாய்; (0, 40) தருவது 16,000. கோடுகள் வெட்டும் (20, 30) தருவது 22,000.

மாணவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தச்சுக் கோடு செங்குத்து அச்சைத் தொடும் (0, 60) புள்ளியில் லாபம் 24,000! ஆனால் 60 நாற்காலிக்குப் பாலிஷ் 120 மணி வேண்டும். அந்தப் புள்ளி பகுதிக்கு வெளியே கிடக்கிறது. வெட்டுப்புள்ளி எல்லாம் மூலை ஆகிவிடாது. ஒவ்வொன்றையும் எல்லா நிபந்தனைகளிலும் இட்டுப் பார்த்தே ஆகவேண்டும்.

மேசையின் லாபம் 600 ஆனால் லாபக் கோடு தச்சுக் கோட்டுக்கு இணையாகிவிடும். அப்போது (20, 30), (40, 0) இரண்டுமே 24,000 தரும். அதற்கும் மேல் போனால், நாற்காலியை விட்டு மேசை மட்டும் செய்வதே லாபம்.

மூன்றாவதாக ஸ்டூலும் சேர்ந்தால் தாள் போதாது. பொருள்கள் எத்தனை ஆனாலும் மூலைக்கு மூலை நகர்ந்து விடை தேடும் சிம்ப்ளெக்ஸ் முறையை ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல் உருவாக்கினார்.