அரை இன்ச்சில் இரண்டு மரை

குளியலறையில் பழைய குழாய் ஒழுகத் தொடங்கிவிட்டது. கடைக்குப் போய் அரை இன்ச் பித்தளைக் குழாய் ஒன்றை வாங்கி வருகிறார்கள். பிளம்பர் மரையில் டெஃப்லான் டேப் சுற்றி, சுவருக்குள் பதிந்திருக்கும் இரும்பு எல்போவில் முறுக்குகிறார். மொட்டைமாடித் தொட்டியின் வால்வைத் திறந்ததும் மூட்டில் ஒரு சொட்டு திரண்டு நிற்கிறது. கழற்றி, இன்னும் சில சுற்று டேப் போட்டு, பைப் ரெஞ்சால் இறுக்குகிறார். அப்போதைக்கு நின்றுவிடுகிறது. மறுநாள் காலையில் சுவர் நனைந்திருக்கிறது.

குழாய் மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டுவதுதான் வழக்கம். பல நேரங்களில் குழாயிலும் குறை இருக்காது, எல்போவிலும் குறை இருக்காது. இரண்டின் மரையும் வேறு வேறு வகையாக இருப்பதுதான் சிக்கல்.

தண்ணீர்க் குழாய்களுக்கு வெட்டப்படும் மரையில் நேர்மரை, கூம்புமரை என இரண்டு உண்டு. நேர்மரை நுனியிலிருந்து அடிவரை ஒரே விட்டமாக இருக்கும். கூம்புமரை நுனியில் ஒல்லியாகத் தொடங்கி உள்ளே போகப் போகப் பருக்கும். பருக்கும் அளவு மிகக் குறைவு: 16 மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டம் 1 மில்லிமீட்டர்தான் கூடும். அரை இன்ச் நிப்பிளில் மரை ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் நீளம் என்பதால் நுனிக்கும் அடிக்கும் உள்ள வேறுபாடு 0.8 மில்லிமீட்டர். மற்றதெல்லாம் இரண்டுக்கும் பொது. ஒரு இன்ச் நீளத்துக்கு இரண்டிலும் 14 மரை. ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த 55 டிகிரிக் கோணம்தான் இரண்டிலும். அதனால் ஒன்றுக்குள் இன்னொன்று எந்தத் தடையுமில்லாமல் ஏறத் தொடங்கும். இங்கேதான் ஆள் ஏமாறுகிறார்.

கூம்புமரையில் தண்ணீரைத் தடுப்பது மரையேதான். முறுக்க முறுக்க வெளிமரை ஆப்பு போல உள்மரைக்குள் இறுகி, இரண்டின் சாய்ந்த பக்கங்களும் சுற்றிலும் ஒன்றையொன்று நெரிக்கின்றன. அப்போதும் மரையின் உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையில் மெல்லிய சந்து ஒன்று சுருளாக உள்ளிருந்து வெளிவரை ஓடும். அந்தச் சந்தை அடைக்கத்தான் டேப்போ சணலோ. டேப் வழுக்கும் பொருள் என்பதால் மரை இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கவும் அது உதவுகிறது.

நேர்மரையின் வேலை வேறு. அது இரண்டு பாகங்களையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரைத் தடுப்பது இரண்டு தட்டையான முகங்களுக்கு நடுவே நசுங்கும் வாசர். இந்தியத் தர நிர்ணயத்தில் கூம்புமரை மூட்டுக்கு ஐ.எஸ். 554, நேர்மரைக்கு ஐ.எஸ். 2643 என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். இரண்டாவதின் தலைப்பே, மரையில் கசிவு தடுக்கப்படாத இடங்களுக்கான மரை என்றுதான் சொல்கிறது. அப்படிப்பட்ட மூட்டில் மரைமேல் எத்தனை சுற்று டேப் சுற்றினாலும் வாசர் சரியாக உட்காராவிட்டால் பயனில்லை.

இப்போது குளியலறைக்குத் திரும்பலாம். சுவரில் உள்ள எல்போவின் உள்மரை கூம்பு, அதாவது வாயில் அகன்று உள்ளே குறுகும். வாங்கி வந்த குழாயில் இருப்பதோ நேர்மரை. கையால் சில சுற்று இறங்கியதுமே குழாயின் முன் மரை ஒன்றோ இரண்டோ குறுகலில் போய் முட்டிப் பிடித்துக்கொள்கிறது. பின்னால் உள்ள மரைகள் எல்போவின் வாய்ப்பக்கம் தளர்வாகவே நிற்கின்றன. ரெஞ்சால் திருகும்போது இறுகியது போலத்தான் கைக்குத் தெரியும்; உண்மையில் அந்த ஒன்றிரண்டு மரைதான் நசுங்கிக்கொண்டிருக்கும். தளர்வான பகுதியில் அடைத்த டேப் போதிய நெருக்கம் இல்லாததால் மெல்ல மெல்ல இடம் பெயர்ந்துவிடுகிறது. முதல் நாள் நின்ற கசிவு மறுநாள் திரும்பி வருவது இதனால்தான்.

சந்தேகம் இருந்தால் குழாயைக் கழற்றிப் பார்க்கலாம். முன்னால் உள்ள ஒன்றிரண்டு மரை மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும். அங்கே டேப் கிழிந்து போயிருக்கும். அதற்குப் பின்னால் சுற்றிய டேப் சுற்றியபடியே வெள்ளையாக இருக்கும். இப்படி இருந்தால் இன்னும் டேப் சுற்றிப் பார்ப்பது வீண் வேலை.

தலைகீழான கோளாறு வாஷ்பேசினுக்கு அடியில் நடக்கும். வளையும் இணைப்புக் குழாயின் முனையில் சுழலும் நட்டும் அதற்குள் ரப்பர் வாசரும் இருக்கும். அந்த நட்டு நேர்மரை. அதை ஆங்கிள் காக்கின் தட்டையான நேர்மரை வாயில் மாட்டினால் கையால் இறுக்கி, ரெஞ்சால் கால் சுற்று திருப்பினாலே போதும். அதையே கூம்பு நிப்பிளில் மாட்டினால், வாசர் நிப்பிளின் விளிம்பைத் தொடுவதற்கு முன்பே நட்டு பருத்த இடத்தில் சிக்கிக்கொள்ளும். நட்டு இறுகிவிட்டது, வாசர் நசுங்கவில்லை. கழற்றி வாசரைப் பார்த்தால் தெரிந்துவிடும்: நல்ல மூட்டில் வாசரின் முகத்தில் முழு வட்டமாகத் தடம் பதிந்திருக்கும், இந்த மூட்டில் தடமே இருக்காது, அல்லது ஒரு பக்கம் மட்டும் பிறைபோல இருக்கும். அதற்கு மேலும் நட்டை முறுக்கினால் நட்டு வெடிக்கும்.

கூம்பு வெளிமரை, நேர் உள்மரை என்ற சேர்க்கை முழுக்கத் தவறில்லை. உள்மரையை அளவு பிசகாமல் வெட்டியிருந்தால் டேப்போடு சேர்த்துப் பயன்படுத்தத் தர நிர்ணயமே அனுமதிக்கிறது. ஆனால் ஆப்பின் விசை முழுவதும் உள்மரையின் வாயில் விழும் என்பதை மறக்கக் கூடாது. இரும்பு நிப்பிளைப் பிளாஸ்டிக் சாக்கெட்டில் பலங்கொண்டு இறுக்கினால் வாய் நெடுக்கில் கீறிவிடும். பித்தளை உள்ளீடு வைத்த சாக்கெட்டை அனுபவமுள்ள பிளம்பர்கள் கேட்டு வாங்குவது இதற்குத்தான்.

கசிவு சில வீடுகளில் மாதக்கணக்கில் தெரியாமலேயே இருக்கும். காரணம் அழுத்தம். 10 மீட்டர் உயரத் தண்ணீர் சுமார் ஒரு பார் அழுத்தம் தரும். ஒரு மாடி வீட்டில் தொட்டி குழாய்க்கு மேலே 3 அல்லது 4 மீட்டரில் இருந்தால் அதில் பாதிகூட இல்லை. அந்த வீட்டில் 2 பார் தரும் பிரஷர் பம்ப் ஒன்றை மாட்டிய அன்றே மூட்டுகள் ஒவ்வொன்றாக அழத் தொடங்கும். பழி பம்ப்பின்மேல் விழும்.

வாங்கும்போதே மரையைக் கண்டுபிடிக்க வெர்னியர் அளவுகோல் ஒன்று போதும். அரை இன்ச் மரையின் உச்சியை நுனியிலும் அடியிலும் அளந்தால், நேர்மரையில் இரண்டும் 21 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஒரே அளவாக இருக்கும்; கூம்பில் நுனி 20.4 என்றும் அடி 21.2 என்றும் வரும். அளவுகோல் இல்லையென்றால் நல்ல நேர்மரை நட்டு ஒன்றைக் கையால் ஏற்றிப் பார்க்கலாம். ஒரே தளர்ச்சியோடு அடிவரை ஓடினால் நேர், சில சுற்றில் மெல்ல மெல்ல இறுகி நின்றால் கூம்பு. பெட்டியிலோ உடலிலோ G என்ற எழுத்து இருந்தால் நேர்மரை, R என்றால் கூம்பு வெளிமரை, Rc என்றால் கூம்பு உள்மரை. கூம்புமரைக்காக அளவாக வெட்டிய நேர் உள்மரையை Rp என்று குறிப்பார்கள். NPT என்று இருந்தால் அது அமெரிக்க மரை. அதன் கோணம் 60 டிகிரி. அரை இன்ச்சில் அதற்கும் 14 மரைதான் என்பதால் இதுவும் ஏறுவது போல ஏறி ஏமாற்றும்.

சுவரில் இருக்கும் கூம்பு எல்போவை உடைத்தெடுக்கத் தேவையில்லை. கூம்பு வெளிமரை உள்ள குழாயாகப் பார்த்து வாங்கினால் வேலை முடிந்தது. அதில் ஒரு கவனம் தேவை: குழாயின் மூக்கு கீழ்நோக்கி வராமல் தாண்டிப் போய்விட்டால் பின்னோக்கித் திருப்பக் கூடாது. திருப்பினால் ஆப்பு தளர்ந்து மூட்டு ஒழுகும். கழற்றி, டேப்பை மாற்றி, புதிதாக ஏற்ற வேண்டும். பிடித்த குழாய் நேர்மரையில்தான் கிடைக்கிறது என்றால், ஒரு பக்கம் கூம்பு வெளிமரையும் மறுபக்கம் தட்டையான இருக்கையோடு நேர் உள்மரையும் உள்ள இணைப்பு ஒன்றை நடுவில் போடலாம். அதன் கூம்புப் பக்கத்துக்கு டேப், நேர்ப்பக்கத்துக்கு வாசர்.