நீக்கிய வரி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது

பெரிய இணையதளங்கள் பலவும் மென்பொருளை மாற்றுவதற்காக இப்போது கடையைச் சாத்துவதில்லை. வாடிக்கையாளர் உள்ளே இருக்கும்போதே ஒரு சர்வரில் புதிய பதிப்பை ஏற்றி, அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த சர்வருக்குப் போகிறார்கள். ரோலிங் டிப்ளாய்மென்ட் என்று இதற்குப் பெயர். சில நிமிடங்களோ, சில நாட்களோ, பழைய பதிப்பும் புதிய பதிப்பும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே டேட்டாபேஸில் எழுதும், வாசிக்கும். ஒன்று எழுதியதை மற்றொன்று புரிந்துகொள்ளாவிட்டால் வம்புதான்.

ஒரு மாற்றம் சர்வருக்குப் போகும் முன் இன்னொரு பொறியாளர் அதைப் படித்து ஒப்புதல் தர வேண்டும். இந்த ரிவ்யூவில் அவர் முன்னால் இருக்கும் திரையில், சேர்த்த வரிகள் பச்சையாகவும் நீக்கிய வரிகள் சிவப்பாகவும் தெரியும். எல்லோரும் பச்சையைத்தான் உன்னிப்பாகப் படிப்பார்கள். சிவப்பு வரி போய்ச் சேர்ந்ததாகவே மனம் கணக்குப் போட்டுவிடும். ஆனால் ஒப்புதல் தரும் அந்த நிமிடத்தில் எல்லா சர்வர்களிலும் ஓடிக்கொண்டிருப்பது சிவப்பு வரிதான்.

அமெரிக்காவின் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்துக்கு 2012இல் நடந்தது இதற்குச் சரியான பாடம். வாடிக்கையாளரின் பெரிய ஆர்டரைச் சிறு சிறு ஆர்டர்களாகப் பிரித்துச் சந்தைக்கு அனுப்பும் மென்பொருள் ஒன்று அங்கே எட்டு சர்வர்களில் ஓடியது. அதற்குள் ‘பவர் பெக்’ என்றொரு பழைய பகுதி இருந்தது. 2003இலேயே அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள். நிரலை மட்டும் நீக்கவில்லை. கேட்ட அளவு பங்கு கிடைத்துவிட்டதா என்று எண்ணிப் பார்த்து, போதும் என்று நிறுத்தும் வேலையை 2005இல் நிரலின் வேறோர் இடத்துக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு பவர் பெக் சரியாக ஓடுமா என்று யாரும் சோதிக்கவில்லை. ஓடாத பகுதிதானே!

நியூயார்க் பங்குச் சந்தை 2012 ஆகஸ்ட் 1 அன்று சில்லறை முதலீட்டாளர்களுக்கான புதிய ஏற்பாடு ஒன்றைத் தொடங்கவிருந்தது. அதற்கான புதிய நிரலைப் பவர் பெக் இருந்த இடத்தில் வைக்க முடிவாயிற்று. கூடவே இன்னொன்றும் செய்தார்கள். பவர் பெக்கை முடுக்கும் ஃபிளாக், அதாவது ஆர்டரோடு சேர்ந்து வரும் ஓர் அடையாளக் குறி, சும்மா கிடந்ததால் அதையே புதிய வேலைக்கும் எடுத்துக்கொண்டார்கள். நின்றுபோன ஒரு டவுன் பஸ்ஸின் எண்ணைப் புதிய ரூட்டுக்குக் கொடுத்தது போலத்தான். எல்லா டிரைவருக்கும் சேதி போய்ச் சேர்ந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை.

ஜூலை 27 முதல் நாளுக்குச் சில சர்வர்களாகப் புதிய நிரலை ஏற்றினார்கள். எட்டில் ஒரு சர்வர் விடுபட்டுப்போனது. ஏற்றியதை இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வமான நடைமுறை அங்கே இல்லை.

ஆகஸ்ட் 1 காலை 9.30க்குச் சந்தை திறந்தது. ஃபிளாக் தாங்கிய ஆர்டர்கள் வந்தன. ஏழு சர்வர்கள் அதைப் புதிய அர்த்தத்தில் படித்தன. எட்டாவது பழைய அர்த்தத்தில் படித்துப் பவர் பெக்கை எழுப்பிவிட்டது. நிறுத்தும் எண்ணிக்கை இடம் மாறியிருந்ததால் அது ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. 212 ஆர்டர்களை நிறைவேற்றப் போய், சுமார் 45 நிமிடத்தில் 154 நிறுவனப் பங்குகளில் 40 லட்சம் பரிவர்த்தனைகள் நடந்தன. நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 45 நிமிடத்துக்குள் நடந்த இன்னொரு காரியம். கோளாறு புதிய நிரலில்தான் என்று நினைத்து, சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். பின்வாங்கினால் பாதுகாப்பு என்பதுதானே வழக்கம். ஆனால் ஃபிளாக்குடன் ஆர்டர்கள் வந்துகொண்டுதான் இருந்தன. மற்ற சர்வர்களிலும் பவர் பெக் எழுந்துகொண்டது. கூகுளின் ‘புரோட்டோகால் பஃபர்ஸ்’ போன்ற கருவிகளில், நீக்கிய ஒரு புலத்தின் எண்ணை `reserved` என்று குறித்துவிட்டால், பின்னால் வேறு யாரும் அந்த எண்ணை எடுக்க முடியாதபடி கம்பைலரே தடுத்துவிடும். ஃபிளாக்குக்கும் இதே விதி பொருந்தும். பழைய குறிக்குப் புதிய அர்த்தம் கொடுக்கவே கூடாது. புதுப் பெயர் வைக்கச் செலவு ஒன்றும் இல்லை.

பங்குச் சந்தை வேண்டாம், சாதாரணக் கடை இணையதளத்தையே எடுத்துக்கொள்வோம். குக்கரும் தோசைக்கல்லும் சேர்த்து ஒருவர் ஆர்டர் செய்கிறார். குக்கர் இன்று போகிறது; தோசைக்கல் நாளைக்கு. இதைக் குறிக்க `PARTLY_SHIPPED` என்ற புதிய நிலையைச் சேர்க்கிறார் ஒரு பொறியாளர். பச்சை வரிகளில் குறை இல்லை, சோதனைகளும் தேறிவிட்டன. இப்போது சர்வரில் ஓடும் பழைய நிரலோ இப்படி இருக்கிறது:

```python
if status == "PLACED":
    ask_payment()
elif status == "PAID":
    pack_order()
else:
    close_order()
```

புதிய சர்வர் `PARTLY_SHIPPED` என்று எழுதியதைப் பழைய சர்வர் எடுத்தால் அது நேராக `else`க்குப் போய் ஆர்டரை முடித்துவிடும். தோசைக்கல் வராது. தேறிய சோதனைகள் புதிய நிரலை மட்டுமே ஓட்டிப் பார்த்தவை; புதியது எழுதியதைப் பழையதிடம் கொடுத்துப் பார்த்தவை அல்ல.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பதும் கடினம். டிப்ளாய்மென்ட் நடக்கும்போது சில புகார்கள் வரும், எல்லா சர்வரும் மாறியதும் நின்றுவிடும். ‘ஏதோ நெட்வொர்க் சிக்கல்’ என்று விட்டுவிடுவார்கள். டேட்டாபேஸில் தவறாக மூடிய ஆர்டர்கள் அப்படியே கிடக்கும். புகார் வந்த நேரத்தையும் டிப்ளாய்மென்ட் நடந்த நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

தீர்வு, ஒரு மாற்றத்தை இரண்டாக உடைப்பது. முதல் பதிப்பு `PARTLY_SHIPPED` வந்தால் வாசிக்கக் கற்றுக்கொள்ளும், எழுதாது. எல்லா சர்வரும் அந்தப் பதிப்புக்கு வந்துவிட்டதை உறுதிசெய்த பிறகு, எழுதத் தொடங்கும் இரண்டாம் பதிப்பு போகும். உறுதி என்பது டிப்ளாய் கருவி காட்டும் பச்சைக் குறி அல்ல. ஒவ்வொரு சர்வரையும் ‘நீ எந்தப் பதிப்பு’ என்று கேட்டு வாங்கிய பதில். பின்னணியில் வரிசையாக வேலை பார்க்கும் நிரல்களையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மறந்துபோவது பெரும்பாலும் அவைதான். கைபேசிச் செயலி என்றால் இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. பயனர் எப்போது அப்டேட் செய்வார் என்று யாருக்கும் தெரியாது; அங்கே பழைய பதிப்போடு மாதக்கணக்கில் குடும்பம் நடத்தியாக வேண்டும்.

பின்வாங்கும் வழியும் இதோடு சேர்ந்து மாறுகிறது. இரண்டாம் பதிப்பு எழுதத் தொடங்கிவிட்டால், முதல் பதிப்புக்குத் திரும்பலாம். அதற்கும் முந்தையதற்குத் திரும்பக் கூடாது, ஏனென்றால் புதிய நிலை ஏற்கெனவே டேட்டாபேஸில் ஏறிவிட்டது. நள்ளிரவில் பதறிப்போய் ரோல்பேக் பொத்தானைத் தேடுபவருக்கு இது நினைவுக்கு வராது. எனவே பகலிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும்.

ரிவ்யூ செய்யும் நண்பர்கள் மாற்றக் குறிப்பில் இரண்டு வரிகளைக் கேட்டு வாங்குங்கள்: புதியது எழுதுவதை இப்போது ஓடும் பழையது படித்தால் என்ன செய்யும்? தப்பு நடந்தால் எந்தப் பதிப்பு வரைக்கும் திரும்பலாம்? இந்த இரண்டும் இல்லாமல் வரும் மாற்றத்துக்கு, பச்சை வரிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒப்புதல் தராதீர்கள்.