சென்னை, லண்டன், சான் பிரான்சிஸ்கோ: யாருக்கும் நள்ளிரவாகாத கூட்ட நேரம் எது? சந்தேகங்களும் விளக்கங்களும்

பிரிட்டனில் 2026 அக்டோபர் 25-ஆம் தேதியும், அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் நவம்பர் 1-ஆம் தேதியும் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னோக்கித் திருப்பி வைக்கப்படுகின்றன. இந்தியாவில் இத்தகைய மாற்றம் கிடையாது. இதனால் சென்னை, லண்டன், சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று நகரங்களில் உள்ளவர்கள் சேர்ந்து பங்கேற்கும் காணொலிக் கூட்டங்களின் நேரத்தில் குழப்பம் ஏற்படுகிறது. அதுகுறித்த விளக்கம்:

மூன்று நகரங்களுக்கும் இடையே நேர வித்தியாசம் எவ்வளவு?

கோடைக்கால நேரம் நடைமுறையில் உள்ள மாதங்களில் லண்டன் சென்னையைவிட நாலரை மணி நேரமும், சான் பிரான்சிஸ்கோ பன்னிரண்டரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும். கடிகாரம் பின்னோக்கி வைக்கப்பட்ட பிறகு இந்த வித்தியாசம் முறையே ஐந்தரை மணி நேரமாகவும், பதின்மூன்றரை மணி நேரமாகவும் கூடும். உலக நாடுகள் அனைத்தும் தங்கள் நேரத்தைக் கணக்கிட அடிப்படையாகக் கொள்வது யுடிசி எனப்படும் உலகப் பொது நேரம். இந்திய நேரம் ஆண்டு முழுவதும் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னதாக இருக்கும்.

அனைவருக்கும் பொதுவான நேரத்தை எப்படிக் கண்டறிவது?

ஒவ்வொரு நகரத்திலும் எந்த நேரத்துக்கு முன்பும், எந்த நேரத்துக்குப் பிறகும் கூட்டம் கூடாது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை என வைத்துக்கொண்டால், அது உலகப் பொது நேரப்படி சென்னைக்கு 1.30 முதல் 16.30 வரை அமையும். கோடைக்காலத்தில் லண்டனுக்கு 6.00 முதல் 21.00 வரையும், சான் பிரான்சிஸ்கோவுக்கு 14.00 முதல் மறுநாள் 5.00 வரையும் ஆகும். மூன்றிலும் இடம்பெறும் பகுதி 14.00 முதல் 16.30 வரை மட்டுமே.

அந்த இடைவெளி உள்ளூர் நேரப்படி எத்தனை மணி?

சென்னையில் இரவு 7.30 முதல் 10 மணி வரை, லண்டனில் பிற்பகல் 3 முதல் மாலை 5.30 மணி வரை, சான் பிரான்சிஸ்கோவில் காலை 7 முதல் 9.30 மணி வரை. ஒரு மணி நேரக் கூட்டம் என்றால், சென்னை நேரப்படி இரவு 9 மணிக்குள் தொடங்கிவிட வேண்டும்.

குளிர்காலத்திலும் இதே நேரம் பொருந்துமா?

முழுமையாகப் பொருந்தாது. நவம்பர் 1-ஆம் தேதி முதல் சான் பிரான்சிஸ்கோவில் காலை 7 மணி ஆகும்போது சென்னையில் இரவு 8.30 ஆகிவிடும் என்பதால், பொதுவான இடைவெளி ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கும். சென்னை நேரப்படி இரவு 8.30 முதல் 9 மணிக்குள் தொடங்கும் ஒரு மணி நேரக் கூட்டம் மட்டுமே ஆண்டின் எல்லா நாள்களிலும் மூவருக்கும் வரம்புக்குள் இருக்கும்.

அக்டோபர் 25 முதல் 31 வரையிலான வாரத்தில் என்ன நடக்கும்?

இந்த ஒரு வாரம் லண்டன் மட்டும் மாறியிருக்கும். சான் பிரான்சிஸ்கோ மாறியிருக்காது. எடுத்துக்காட்டாக, சென்னை நேரப்படி இரவு 8 மணிக்கு நடக்கும் கூட்டம் அக்டோபர் 24 வரை லண்டனில் பிற்பகல் 3.30, சான் பிரான்சிஸ்கோவில் காலை 7.30. அக்டோபர் 25 முதல் லண்டனில் பிற்பகல் 2.30 ஆகும், சான் பிரான்சிஸ்கோவில் 7.30 ஆகவே நீடிக்கும். நவம்பர் 1 முதல் சான் பிரான்சிஸ்கோவில் காலை 6.30 ஆகிவிடுவதால், காலை 7 மணி என்ற வரம்பு மீறப்படும்.

நாட்காட்டி செயலியில் பதிவு செய்தால் நேரம் தானாக மாறாதா?

மாறும், ஆனால் யாருக்கு மாறும் என்பது, கூட்டம் எந்த நகரத்தின் நேரத்தில் பதிவு செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது. Asia/Kolkata என்ற நேரத்தில் பதிவான கூட்டம் சென்னையில் மாறாமல் இருக்கும். மற்ற இரு நகரங்களில் மாறும். America/Los_Angeles என்ற நேரத்தில் காலை 7.30 எனப் பதிவாகியிருந்தால், சென்னையில் இரவு 8 மணிக்கு நடந்த கூட்டம் நவம்பர் 1 முதல் 9 மணிக்குத் தள்ளிப்போகும். நவம்பர் முதல் வாரத்துக்கான பதிவை முன்கூட்டியே திறந்து பார்த்தால் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

அழைப்பில் IST, PST என்று குறிப்பிட்டால் போதுமா?

போதாது. IST என்ற குறியீடு இந்தியா தவிர அயர்லாந்து, இஸ்ரேல் நாடுகளின் நேரத்துக்கும் பயன்படுகிறது. PST என்பது குளிர்கால நேரத்தை மட்டுமே குறிக்கும், கோடையில் அது PDT. கோடைக்காலக் கூட்டத்துக்கு PST என எழுதினால், அதை அப்படியே கணக்கிடுபவர் ஒரு மணி நேரம் தாமதமாக இணைய நேரிடும். '2026 நவம்பர் 5, வியாழன்: சென்னை இரவு 8.30, லண்டன் பிற்பகல் 3.00, சான் பிரான்சிஸ்கோ காலை 7.00 (15:00 UTC)' என நகரம், கிழமை, தேதியுடன் குறிப்பிடுவதே தெளிவானது.

சென்னையில் காலை நேரத்தில் கூட்டம் நடத்த முடியாதா?

லண்டனில் இருப்பவர் பங்கேற்க வேண்டும் என்றால் முடியாது. குளிர்காலத்தில் சென்னையில் காலை 7 மணி என்பது லண்டனில் நள்ளிரவு கடந்து 1.30 மணி. சென்னையும் சான் பிரான்சிஸ்கோவும் மட்டும் எனில் அந்த நேரம் பொருந்தும்; அங்கு மாலை 5.30 ஆக இருக்கும். ஆனால் சென்னையில் சனிக்கிழமை காலை என்பது அங்கு வெள்ளிக்கிழமை மாலை என்பதால், அழைப்பில் இரு தேதிகளும் இடம்பெற வேண்டும்.

சிட்னியில் இருந்தும் ஒருவர் சேர்ந்தால்?

நான்கு நகரங்களுக்கும் பொருந்தும் நேரம் இல்லை. நவம்பரில் சென்னையில் இரவு 8.30 என்பது சிட்னியில் மறுநாள் அதிகாலை 2 மணி. இத்தகைய குழுக்கள் இரண்டு நேரங்களை வைத்துக்கொண்டு மாறி மாறிக் கூடலாம்: ஒரு கூட்டம் சிட்னி இல்லாமல் 15:00 UTC-க்கு, அடுத்தது சென்னை இல்லாமல் 21:00 UTC-க்கு. நவம்பரில் பின்னது லண்டனில் இரவு 9, சான் பிரான்சிஸ்கோவில் பிற்பகல் 1, சிட்னியில் மறுநாள் காலை 8 மணி. கலந்துகொள்ளாதவருக்குக் கூட்டத்தின் பதிவை அனுப்பலாம்.

அடுத்த மாற்றம் எப்போது?

தற்போதைய விதிகளின்படி, அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறான 2027 மார்ச் 14-ஆம் தேதியும், பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறான மார்ச் 28-ஆம் தேதியும் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னோக்கி வைக்கப்படும். இரவு 8.30 மணிக் கூட்டம் சான் பிரான்சிஸ்கோவில் மார்ச் 14 முதல் காலை 8 மணிக்கும், லண்டனில் மார்ச் 28 முதல் மாலை 4 மணிக்கும் மாறும். ஹவாய் மாநிலத்திலும், அரிசோனா மாநிலத்தின் பெரும்பகுதியிலும் கடிகாரம் மாற்றப்படுவதில்லை என்பதால், அங்குள்ளவர்களுக்கு இந்தத் தேதிகள் பொருந்தாது.