லோகோவை விடுங்கள், தையலை எண்ணுங்கள்

செகண்ட் ஹாண்ட் கைப்பை வாங்கும்போது பலர் முதலில் பார்ப்பது லோகோவைத்தான். போலி தயாரிப்பவர் அதிகக் கவனம் செலுத்துவதும் அங்கேதான். தையலிலும் நூலிலும் தோலின் ஓரத்திலும் அவருக்கு அவ்வளவு பொறுமை இருப்பதில்லை. அவற்றைச் சரியாகச் செய்ய நேரம் பிடிக்கும். நேரம் கூடினால் லாபம் குறையும்.

உலகில் அதிகமாகப் போலி செய்யப்படும் பைகளில் ஒன்றான லூயி வுய்ட்டோன் ‘ஸ்பீடி’யை எடுத்துக்கொள்வோம். 1930களில் வந்த இந்தப் பையின் பழுப்பு நிற மோனோகிராம் பகுதி தோல் அல்ல, மேற்பூச்சு கொடுத்த கான்வாஸ். கைப்பிடியும் ஓரப்பட்டிகளும் மட்டும் சாயமேற்றாத மாட்டுத்தோல். புதிதில் வெளிறிய சந்தன நிறத்தில் இருக்கும் இந்தத் தோல், வெயிலும் கைச்சூடும் பட்டு ஆண்டுக்கணக்கில் தேன் நிறத்துக்கு மாறும்.

முதலில் தையல் நெருக்கம். கைப்பிடி பையோடு சேரும் இடத்தில் சிறிய தோல் பட்டை இருக்கும். அதன் மேல்விளிம்பில் குறுக்காக ஓடும் தையல்களை எண்ணுங்கள். ஸ்பீடியில் வழக்கமாக ஐந்து இருக்கும். ஐந்து இருந்தாலே ஒரிஜினல் என்று முடிவுகட்டிவிட முடியாது. இந்தக் கணக்கு போலி செய்பவருக்கும் தெரியும். நாம் பார்க்க வேண்டியது சீர்மை. நான்கு பட்டைகளிலும் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா, தையல்களின் நீளமும் சாய்வும் ஒத்திருக்கின்றனவா, மூலையில் தையல் சரியாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். ஒரு பட்டையில் ஐந்து, அடுத்ததில் ஆறு என்றிருந்தால் சந்தேகப்படலாம்.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க, ஓரப்பட்டியின் மேல் ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். ஒரு இஞ்சுக்குள் எத்தனை தையல் விழுகிறது என்பதைப் பையின் இரண்டு பக்கங்களிலும் எண்ணி ஒப்பிடுங்கள். தையல் நீளமாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்பதால் மலிவான போலிகளில் இடைவெளி அகலமாக இருக்கும். அதற்காக நெருக்கமான தையலெல்லாம் உயர்ந்தது என்றும் சொல்ல முடியாது. துளைகள் மிக நெருங்கினால் தோல் அந்தக் கோட்டிலேயே கிழியும்.

அடுத்தது நூலின் நிறம். இந்தத் தோலில் ஓடுவது கடுகுப்பொடி போன்ற மங்கிய மஞ்சள் நூல். எலுமிச்சை மஞ்சளாகப் பளிச்சிட்டாலோ, நைலான்போல மினுங்கினாலோ எச்சரிக்கை தேவை. விற்பவர் படம்தான் அனுப்புகிறார் என்றால், பகல் வெளிச்சத்தில் நூலின் அருகே ஒரு வெள்ளைத்தாளை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். தாள் மஞ்சளாகத் தெரிந்தால், அந்தப் படத்தில் நூலின் நிறத்தையும் நம்ப முடியாது.

மூன்றாவது ஓரப்பூச்சு. வெட்டிய தோலின் விளிம்பைத் தேய்த்து மழமழப்பாக்கி, பூச்சு கொடுத்து, காயவிட்டு, மறுபடி தேய்த்துப் பூசுவார்கள். ஸ்பீடியில் இந்த ஓரம் கருஞ்சிவப்பாக, மெல்லிய ஒரே கோடாகத் தெரியும். போலியில் ஒரே தடவையில் கெட்டியாகப் பூசியிருப்பார்கள். அது ரப்பர்போல உப்பியிருக்கும், தோலின் மேற்பரப்பில் வழிந்திருக்கும், மடித்தால் விரியும். ஆனால் புழுக்கமான ஊரில் அலமாரியில் கிடந்த அசல் பையின் பூச்சும் பிசுபிசுக்கலாம். அதனால் பிசுபிசுப்பை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் விடை தெளிவாகும். இருபது ஆண்டு பழையது என்று ஒரு ஸ்பீடி விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடித் தோல் ஆழ்ந்த தேன் நிறம், ஆனால் நூல் பளிச்சென்ற மஞ்சள், ஓரம் நேற்றுப் பூசியதுபோல் மின்னுகிறது. தோலை கறுக்கவைத்த அதே வெயிலும் கையழுக்கும் நூலையும் மங்கவைத்திருக்க வேண்டுமே! கைப்பிடியைப் புதிதாக மாற்றியிருந்தால் தோலும் வெளிறியிருக்கும். பழைய தோலிலேயே தையல் பிரிந்து மறுபடி தைத்திருந்தால், அதை எங்கே, எப்போது செய்தார்கள் என்று விற்பவர் சொல்ல வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால், பழையதாகக் காட்டத் தோலுக்குச் சாயமேற்றியிருக்கிறார்கள் என்பதே மிஞ்சும் விளக்கம்.

இந்த அளவுகோலை எல்லாப் பைக்கும் பொருத்த முடியாது. எர்மேஸ் பைகளில் பல தையல்களைக் கைவினைஞர் இரண்டு ஊசிகளால், மெழுகேற்றிய லினன் நூலில் கையால் தைக்கிறார். அங்கே தையல் சற்றே சாய்ந்து, மிகச் சிறிய ஏற்ற இறக்கத்தோடு இருக்கும். இம்மியும் பிசகாத நேர்கோடாக இருந்தால் அது மெஷின் தைத்ததாக இருக்கலாம். ஆகவே எந்தப் பை வாங்குகிறீர்களோ, அதே மாடலின் அசல் ஒன்றைக் கடையில் பார்த்துவிட்டுத்தான் எண்ணத் தொடங்க வேண்டும்.

இன்று மிகத் துல்லியமான போலிகளும் வருகின்றன. அவை இந்தச் சோதனைகளைத் தாண்டிவிடும். தையலைப் படித்து மட்டமான போலியை ஒதுக்கலாம், அசல் என்று சான்று தர முடியாது. பெரிய தொகை என்றால், பணம் கைமாறும் முன் அனுபவமுள்ள ஒருவரிடம் பையை நேரில் காட்டிவிடுங்கள்.