கேஸை மறைத்துவிட்டுக் கேள்வியைக் காட்டுங்கள்

'பிரசவத்துக்குப் பின் அதிக ரத்தப்போக்கு ஏற்பட மிகப் பொதுவான காரணம் எது?' நர்ஸிங் வினாத்தாள்களில் இந்தக் கேள்வி எத்தனை முறை வந்திருக்கும் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். கருப்பை சுருங்காமல் தளர்ந்துவிடுவது என்பது விடை. முதல் நாள் இரவு பாடப்புத்தகத்தைப் புரட்டிய மாணவி சரியாக எழுதிவிடுவார். அதே மாணவி மறுவாரம் பிரசவ வார்டில் நிற்கும்போது, தாயின் வயிற்றில் கை வைத்துப் பார்க்கத் தோன்றுமா என்பது வேறு விஷயம். அதைச் சோதிக்க வேறு வகைக் கேள்வி வேண்டும்.

அமெரிக்காவில் பதிவு பெற்ற நர்ஸாக வேலை பார்க்க எழுத வேண்டிய என்க்ளெக்ஸ் தேர்வு, 2023 ஏப்ரல் 1 முதல் அந்த வகைக்கு மாறியது. ஒரு நோயாளியின் கதை, அதைத் தொடர்ந்து ஆறு கேள்விகள். ஒவ்வொருவருக்கும் இப்படி மூன்று கேஸ்கள், ஆக 18 கேள்விகள் வரும். ஆறு என்ற எண்ணிக்கைக்குக் காரணம் உண்டு. நர்ஸின் யோசனை ஆறு படிகளாகப் பிரிக்கப்படுகிறது: எது கவலைக்குரிய அறிகுறி, அது எதைக் காட்டுகிறது, எது அவசரம், என்னென்ன செய்யலாம், முதலில் எதைச் செய்வது, செய்ததில் பலன் உண்டா. ஒரு படிக்கு ஒரு கேள்வி.

கேள்வி தயாரிக்கும் ஆசிரியை கதையை எழுதுவதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்கிறார்: இந்தக் கேஸில் மாணவி எங்கே தடுமாறுவார்? பிரசவ ரத்தப்போக்கை எடுத்துக்கொண்டால், பி.பி. நன்றாக இருக்கிறதே என்று ஏமாந்துபோவதுதான் அந்த இடம். ஆரோக்கியமான இளம் தாய்க்குக் கணிசமான ரத்தம் போன பிறகும் பி.பி. பெரிதாக இறங்காமல் இருக்கலாம். பல்ஸ் முந்திக்கொண்டு ஏறும். இதை மனதில் வைத்துக்கொண்டு கேஸ் ஷீட்டை இப்படி எழுதலாம்.

வயது 28. இரண்டாவது பிரசவம். ஆக்ஸிடோசின் டிரிப் ஏற்றி, நீண்ட நேர வலிக்குப் பின் 4.2 கிலோ எடையுள்ள குழந்தை. சிறு வயது முதல் ஆஸ்துமா. பிரசவமாகி ஒரு மணி நேரத்தில் பி.பி. 118/74-லிருந்து 112/70, பல்ஸ் 84-லிருந்து 112. உடல் வெப்பம் 37.6 டிகிரி. லேசான நடுக்கம், வயிற்றில் பிடிப்பு வலி. கருப்பை மெத்தென்று, தொப்புளுக்கு மேலே, வலது பக்கம் ஒதுங்கியிருக்கிறது. 15 நிமிடத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்துவிட்டது. பிரசவத்துக்குப் பின் இன்னும் சிறுநீர் கழிக்கவில்லை.

முதல் கேள்வி, கவலைக்குரியவற்றை மட்டும் அடிக்கோடிடச் சொல்கிறது. பல்ஸ், கருப்பையின் நிலை, நனைந்த பேட், கழிக்காத சிறுநீர் ஆகிய நான்கும் விடை. வெப்பமும் நடுக்கமும் பிடிப்பு வலியும் பிரசவித்த தாய்மாரிடம் வழக்கமாகக் காணப்படுபவை. அவை வேண்டுமென்றே அங்கே வைக்கப்பட்டவை. எழுதப் பழகாதவர்கள் தவறுவது இங்கேதான். வழக்கத்துக்கு மாறானதை மட்டும் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறார்கள், அல்லது 'கருப்பை அபாயகரமாகத் தளர்ந்துள்ளது' என்று எழுதி விடையையே கையில் கொடுத்துவிடுகிறார்கள். கைக்குத் தட்டுப்படுவதை மட்டும் எழுத வேண்டும். 'அபாயகரமாக' என்பது மாணவி சொல்ல வேண்டிய சொல்.

எல்லாவற்றையும் அடிக்கோடிட்டுவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடுமே என்று கேட்கலாம். சரியானதற்கு ஒன்று கூட்டி, தவறானதற்கு ஒன்று கழிப்பார்கள். பூஜ்யத்துக்குக் கீழே போகாது. நான்கு சரி, மூன்று தவறு என்று அடிக்கோடிட்ட மாணவிக்கு ஒரு மதிப்பெண்தான்.

இரண்டாவது கேள்வி அறிகுறிகளைக் காரணங்களோடு பொருத்தச் சொல்கிறது. கருப்பை மெத்தென்று இருந்தால் தளர்வு. கருப்பை கெட்டியாக இருந்தும் பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தால் எங்கோ கிழிசல். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் நிரம்பிய சிறுநீர்ப்பை அதைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். மூன்றாவதில், ஒரு வாக்கியத்தின் இரண்டு கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும்: எந்த ஆபத்து முதலில், எந்த ஆதாரத்தால். இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண் என்று வைத்தால் குருட்டு யூகம் எடுபடாது.

நான்காவது கேள்வியில் ஆஸ்துமா வேலைக்கு வருகிறது. கருப்பையைச் சுருங்க வைக்கும் மருந்துகளில் கார்போப்ரோஸ்ட் ஒன்று; ஆஸ்துமா உள்ளவருக்கு அதைத் தவிர்ப்பார்கள், மூச்சுக்குழாய் இறுகிவிடலாம். ஆகவே அதை 'கூடாது' என்ற பத்தியில் குறிக்க வேண்டும். ஆஸ்துமாவை எடுத்துவிட்டு பி.பி.யை 158/100 என்று மாற்றினால், மெத்தில் எர்கோமெட்ரின் அந்த இடத்துக்கு வந்துவிடும். ஒரு வரி மாறினால் விடை மாறுகிறது. நல்ல கேஸுக்கு இதைவிட நம்பகமான அடையாளம் இல்லை.

இதிலிருந்து எளிய சோதனை ஒன்று கிடைக்கிறது. கேஸை மறைத்துவிட்டுக் கேள்வியை மட்டும் சக ஆசிரியை ஒருவரிடம் கொடுக்க வேண்டும். அவர் சரியாக விடை சொல்லிவிட்டால், அது பழைய மனப்பாடக் கேள்விதான். மேலே ஒரு கதை ஒட்டியிருக்கிறது, அவ்வளவே.

ஐந்தாவது கேள்விதான் சண்டையை இழுத்து வரும். 'முதலில் என்ன செய்வீர்கள்?' கருப்பையை மசாஜ் செய்வதா, உதவிக்கு ஆளைக் கூப்பிடுவதா? வார்டில் ஒரு கை வயிற்றின் மேல் இருக்கும்போதே வாய் ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். இரண்டையும் தெரிவுகளில் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது மாணவிக்குச் செய்யும் அநியாயம். 'அழைப்பு மணி அடித்தாயிற்று' என்று கேஸில் ஒரு வரி சேர்த்துவிட்டால் குழப்பம் தீரும். அடிவயிற்றில் ஒரு கையைத் தாங்கலாக வைத்து, மறு கையால் கருப்பையின் மேற்பகுதியை மசாஜ் செய்வது முதல் வேலை. சிறுநீரை வெளியேற்றுவது அடுத்தது.

ஆறாவது கேள்விக்கு அரை மணி நேரம் கழிந்த புதிய விவரங்கள் வேண்டும். கருப்பை கெட்டியாக, நடுவில், தொப்புள் மட்டத்தில் இருக்கிறது. பேட் கால்வாசிதான் நனைந்திருக்கிறது. பல்ஸ் 90, பி.பி. 114/72. எவையெல்லாம் சிகிச்சை பலித்ததற்குச் சான்று? கருப்பையின் நிலையும் பேடும் பல்ஸும்தான். பி.பி. தொடக்கத்திலிருந்தே பெரிதாக அசையவில்லை. அதைச் சான்றாகக் குறிக்கும் மாணவி, ஆசிரியை முதலிலேயே குறித்துவைத்த இடத்தில் சரியாகத் தடுமாறுகிறார்.

காகிதத்தில் நடத்தும்போது ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. மூன்றாவது கேள்வியைப் படித்தாலே இரண்டாவதன் விடை தெரிந்துவிடும். கணினித் தேர்வில் பின்னால் போக முடியாது என்பதால் கவலையில்லை. கல்லூரியில் ஒவ்வொரு கேள்வியையும் தனித் தாளில் கொடுத்து, எழுதியதை வாங்கிக்கொண்ட பிறகே அடுத்ததைத் தர வேண்டும். முதல் கேள்வியில் சறுக்கிய மாணவிக்கும் அடுத்ததை எழுத வழி இருக்க, அதுவரை நடந்ததை ஒவ்வொரு தாளின் மேலும் சுருக்கமாகத் தருவது நியாயம்.

எழுதி முடித்த கேஸை மாணவிகளிடம் கொடுப்பதற்கு முன், பிரசவ வார்டில் அனுபவமுள்ள மூன்று நர்ஸ்களைத் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். அவர்களுக்குள் விடை ஒத்துப்போகாத கேள்வியைத் திருத்துங்கள்; திருத்தியும் ஒத்துப்போகாவிட்டால் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.